இருவரை அறிமுகப்படுத்தும் மின்னஞ்சல்

ஒருவரையொருவர் அறியாத இரண்டு தொழில்முறையாளர்களை, இருவரையும் அறிந்த மூன்றாமவர் மின்னஞ்சல் மூலம் சேர்த்து வைப்பது ஐந்து நிமிஷத்தில் முடியக்கூடிய சிறு வேலையாகவே பலருக்கும் தோன்றுகிறது; பெறுநர் வரியில் இரண்டு முகவரிகளையும் இட்டு, இவர் இன்னார், அவர் இன்னார், இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அவர்கள் தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். யாருடைய நேரமும் அனுபவமும் கோரப்படுகின்றனவோ, அவருக்கோ அந்த மூன்று வரிகள் ஒரு சங்கடமாகவே வந்து சேர்கின்றன. முன்பின் அறியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவர் சம்மதிக்கவோ மறுக்கவோ வேண்டியிருக்கிறது; மறுத்தால் இரண்டு பேருக்கு மனவருத்தம், பேசாமலிருந்தால் கர்வி என்ற பெயர், ஆகவே தாட்சணியத்துக்குக் கட்டுப்பட்டு, மனமின்றி, ஒரு சம்மதத்தைக் கொடுத்துவிடுகிறார். அப்படிக் கிடைத்த சம்மதத்தின் பலனை, தேதி தள்ளிக்கொண்டே போவதிலும், பேச்சு நடந்தாலும் பாதியில் முடிந்துவிடுவதிலும் பிறகு காண்கிறோம்.

ஆகையால் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப் போவது இதுதான்: இருவரையும் ஒரே கடிதத்தில் சேர்ப்பதற்கு முன்னால், கோரப்படுகிறவரிடம் தனியே ஒரு கடிதம் எழுதி, காரணங்களைச் சொல்லி, அவர் எவ்விதச் சிரமமுமின்றி மறுக்கக்கூடிய வழியையும் அந்தக் கடிதத்திலேயே திறந்து வைத்து, அவருடைய சம்மதம் கிடைத்த பிறகே இரண்டாவது கடிதத்தை எழுத வேண்டும். இதை ஓர் உதாரணத்தின் துணைகொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

மதுரையில் தொழில் செய்யும் கட்டடக்கலைஞர் அம்மையார் ஒருவர், காரைக்குடிக்கு அருகே உள்ள பழைய செட்டிநாட்டு வீடொன்றைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். வீட்டின் சுவர்களில் இருந்த சுண்ணாம்புப் பூச்சின்மேல், இடைக்காலத்தில் யாரோ சிமெண்டு பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டுப் பூச்சோ அதைப் பெருமளவுக்குத் தடுத்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே தள்ளிப் பெயர்க்கத் தொடங்குகிறது. இந்த விஷயத்தை நன்கறிந்த எவரேனும் உண்டா என்று அவர் உங்களைக் கேட்கிறார். உங்களுக்கோ, சென்னையில் ஓய்வு பெற்று வசிக்கும் ஒரு பொறியாளரின் நினைவு வருகிறது; பழைய கட்டடங்களின் சுண்ணாம்பு வேலையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர்.

இந்த இடத்தில் பெரியவருடைய பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற உற்சாகம் இயல்பாகவே எழும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரிந்த ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டால், பிறகு அவர் மறுக்க நேரும்போது அந்த மறுப்புக்கு முகமே இராது. எந்தப் பெரியவர் மறுத்தார் என்பது அம்மையாருக்குத் தெரியாமற் போவதால், என்றேனும் ஒரு கருத்தரங்கில் இருவரும் சந்தித்தால்கூட இருவர் மனத்திலும் உறுத்தல் இருக்காது. அம்மையாரே பெரியவரின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்த வசதி இல்லை. அப்போது, "அவருக்கு இப்போது அவகாசம் இருக்குமோ தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் வழி.

அடுத்தபடியாக, அம்மையாரிடமிருந்து ஒரு குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரியவருக்குக் காட்டும்படியான குறிப்பை நாமே எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுவரைப் பார்த்தவர் அவர். நாம் எழுதினால் 'ஈரப் பிரச்சினை' என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடும். அந்தக் குறிப்பை ஒரு புதிய மின்னஞ்சலாகவே அனுப்பச் சொல்லுவது அவசியம். உங்கள் இருவருக்கும் நடந்த பழைய கடிதப் போக்குவரத்துக்கு மறுமொழியாக அது வந்தால், நீங்கள் அதை ஃபார்வர்ட் செய்யும்போது அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தரங்கமான வரிகளெல்லாம் கூடவே போய்ச் சேரும். குறிப்பு ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"காரைக்குடிக்கு அருகே பழைய வீடு ஒன்றைச் செப்பனிட்டு வருகிறேன். தரைத்தளச் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டு பூசப்பட்டிருக்கிறது. தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை பூச்சு உப்பி, விரலால் தட்டினால் வெற்றோசை கேட்கிறது. ஓரிடத்தில் உள்ளங்கை அகலம் பெயர்த்துப் பார்த்ததில், உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சிமெண்டை முழுவதும் நீக்கிச் சுண்ணாம்பு பூசுவதென்று தீர்மானித்திருக்கிறேன். நீக்கிய பின் சுவரை எவ்வளவு காலம் உலரவிட வேண்டும், எஞ்சிய உப்பை எப்படிப் போக்குவது என்ற இரண்டு விஷயங்களில் மட்டும் தங்கள் அபிப்பிராயத்தை அறிய விரும்புகிறேன். அரைமணி நேரம் தொலைபேசியில் பேசினால் போதும். ஆலோசனைக் கட்டணம் தர வீட்டு உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். புகைப்படங்கள் இருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்."

இந்தக் குறிப்பிலே கேள்வி இரண்டுதான் என்பதையும், அரைமணி என்று காலத்துக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். 'தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தால், எவ்வளவு நேரம், எதைப் பற்றி, எத்தனை முறை என்பது ஒன்றும் தெரியாமல், படிக்கிறவர் தம் மனத்தில் அதைப் பெரிய பாரமாகக் கற்பனை செய்துகொண்டு மறுத்துவிடக்கூடும். கட்டணத்தைப் பற்றிய வாக்கியமும் இன்றியமையாதது. நம்மிடையே பணத்தைப் பிரஸ்தாபிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இருக்கிறது; அதன் விளைவாக, காசு கேட்கவும் கூச்சம், இலவசமாகச் செய்யவும் மனமில்லை என்ற இரண்டுக்கும் நடுவில் அனுபவஸ்தர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கேட்கிறவரே முதலில் சொல்லிவிட்டால், 'கட்டணம் வேண்டாம்' என்று பெருந்தன்மையாகச் சொல்லவும், 'என் கட்டணம் இவ்வளவு' என்று நேராகச் சொல்லவும் பெரியவருக்குச் சமமான சுதந்திரம் கிடைக்கிறது.

இப்போது பெரியவருக்கு எழுத வேண்டிய கடிதம். இதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி. ஆகையால் முழுவதையும் தருகிறேன்.

"பொருள்: ஓர் அறிமுகம் – தங்கள் விருப்பத்தை அறிய

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மதுரையில் பணிபுரியும் கட்டடக்கலைஞர் ஒருவர், சுண்ணாம்புப் பூச்சை நன்கறிந்த ஒருவரோடு அரைமணி நேரம் பேச விரும்புகிறார். அவருடைய குறிப்பைக் கீழே அப்படியே சேர்த்திருக்கிறேன். தங்கள் பெயரையோ முகவரியையோ அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்களைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சிமெண்டு பூசிய ஒரு பழைய சுவரை, பூச்சை நீக்குவதற்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனிக்கும் சந்தர்ப்பம் எளிதில் வாய்ப்பதில்லை என்று தாங்கள் சொன்னது என் நினைவில் இருக்கிறது. இந்த வீட்டில் அந்த வேலை மழைக்காலம் கழிந்து, தை மாதத்தில்தான் தொடங்குகிறது.

அவர் செப்பனிட்ட ஒரு வீட்டை நேரில் பார்த்திருக்கிறேன்; மரவேலை மிகச் செம்மையாக இருந்தது; சொன்ன கெடுவில் முடித்தார் என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார். சுண்ணாம்பு வேலையில் அவருக்கு எவ்வளவு அனுபவம் என்பதை நான் அறியேன்.

இது தங்களுக்கு இப்போது சௌகரியப்படாவிட்டால், 'வேண்டாம்' என்று எனக்கு ஒரு சொல் எழுதினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் சௌகரியப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வேறொருவரை நாடும்படி அவரிடம் சொல்லிவிடுவேன். தங்களுக்கு மறுபடி நினைவூட்டி எழுத மாட்டேன்."

காரணம் சொல்லும் பத்தியைச் சற்று நின்று பார்ப்போம். அம்மையாருக்கு இந்தப் பேச்சினால் என்ன பிரயோஜனம் என்பது அவருடைய குறிப்பிலேயே வெளிப்படையாக இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வதால் பெரியவருக்கு லாபமில்லை. அவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதையே அறிமுகப்படுத்துகிறவர் சொல்ல வேண்டும். அதுவும் அவர் வாயாலேயே முன்பு கேட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 'தங்கள் புலமை இளைஞர்களுக்குப் பயன்பட வேண்டாமா' என்பது போன்ற வாக்கியங்கள் பார்வைக்குக் காரணம்போல் இருந்தாலும், உண்மையில் மறுக்கிறவரைக் குற்றவாளியாக்கும் நிர்ப்பந்தங்களே. அவருக்கு உண்மையாகவே ஒரு பயனும் இல்லையென்றால், அதை மறைக்காமல், 'இது அவருக்கு உதவியாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை' என்றே எழுதிவிடலாம். உதவி என்று தெரிந்தே பலர் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள்.

அம்மையாரைப் பற்றிய பத்தியில் கண்டதும் கேட்டதும் தெரியாததும் தனித்தனியே இருக்கின்றன. அமெரிக்க விடுதலைப் போரின்போது பாரிஸ் நகரில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம், அமெரிக்காவுக்குப் போகப் புறப்பட்டவர்கள் ஓயாமல் சிபாரிசுக் கடிதம் கேட்டு நெருக்கியதால், கடிதம் கொண்டு வருபவரைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மாதிரிக் கடிதம் ஒன்றையே அவர் 1777-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. என்றாலும் நாம் அறிந்ததன் எல்லை எது என்பதைச் சொல்லிவிட்டால், 'மிகச் சிறந்த நிபுணர்' என்று வானளாவப் புகழ்வதைக் காட்டிலும் பெரியவர் நம் வார்த்தையை அதிகம் நம்புவார். புகழ்ச்சி மிகுந்தால் மறுப்பதும் கடினமாகிறது என்பது இன்னொரு விஷயம்.

கடிதத்தின் கடைசிப் பத்தி சொல்வது மூன்று: மறுப்பு வந்து சேர வேண்டிய இடம் நாம்தான், முன்பின் தெரியாத அம்மையார் அல்ல, காரணம் தேவையில்லை, எழுதாமலே இருந்துவிட்டாலும் அது மறுப்பாகவே கொள்ளப்படும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழி அடைபட்டுவிடும். முக்கியமாக, மௌனத்துக்கு அர்த்தத்தை நாமே முன்கூட்டி நிர்ணயித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தைப் படித்தவர், பதில் எழுதாத பாரத்தை நாள் முழுவதும் மனத்தில் சுமந்துகொண்டிருப்பார். கெடு வைக்கும்போது அவர் எத்தனை நாளுக்கொருமுறை மின்னஞ்சல் பார்க்கிறவர் என்பதை யோசியுங்கள்; தினந்தோறும் பார்ப்பவருக்கு ஒரு வாரம் போதும், வாரத்துக்கொருமுறை பார்க்கும் முதியவருக்குப் பதினைந்து நாளாவது வேண்டும். வாக்களித்தபடி, இடையில் தொலைபேசியில் அழைத்து, 'என் கடிதம் பார்த்தீர்களா?' என்று விசாரிக்கவும் கூடாது. அந்த ஒரு கேள்வியில், கடிதத்தில் நாம் நீக்கிய தாட்சணியம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது.

பதில் மூன்று விதமாக வரக்கூடும் என்று எளிதில் சொல்லிவிடலாம்: சம்மதம், மறுப்பு, மௌனம். நம் நாட்டில் நான்காவது விதமும் உண்டு. அதுவே அதிகமாக வருவதும். "பார்க்கலாம்", "சற்று வேலையாக இருக்கிறேன், சொல்லி அனுப்புகிறேன்", "அவரை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்களேன்" என்று வருகிறதே, இதைச் சம்மதமாகப் படிப்பதுதான் அறிமுகம் செய்பவர்கள் செய்யும் பெரிய தவறு. சம்மதித்தவருடைய பதிலில் ஏதேனும் ஒரு திட்டமான விவரம் இருக்கும். 'மாலை நான்கு மணிக்கு மேல் பேசலாம்' என்றோ, 'முதலில் புகைப்படங்களை அனுப்பச் சொல்லுங்கள்' என்றோ இருக்கும். அவ்விதமான விவரம் ஒன்றும் இல்லாத இனிய சொற்களை மறுப்பாகவே கொண்டு, "தங்களுக்கு இப்போது சௌகரியமில்லை என்று புரிந்துகொண்டேன், நன்றி" என்று எழுதி முடித்துவிடுங்கள். உண்மையில் அவருக்கு விருப்பம் இருந்தால் உடனே மறுத்து எழுதுவார்.

மறுப்பை அம்மையாரிடம் சொல்லும் கடிதம் இரண்டு வரிக்கு மேல் போகலாகாது: "நான் நினைத்தவருக்கு இப்போது சௌகரியப்படவில்லை. தங்கள் குறிப்பு நன்றாக இருந்தது. வேறு யாரிடமும் அப்படியே அனுப்பலாம்." பெரியவர் தாமாகவே ஒரு காரணத்தை உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும், அந்த வீட்டு உரிமையாளரோடு பழைய மனஸ்தாபம் இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அது உங்களிடம் நம்பிச் சொன்னது. அதைக் கொண்டு சேர்ப்பது உங்கள் வேலையன்று.

சம்மதம் வந்துவிட்டால், அதே நாளிலோ மறுநாளோ இருவருக்கும் பொதுவான கடிதத்தை எழுதிவிடுங்கள்; ஆறப்போட்டால் சம்மதித்தவரின் ஆவல் தணிந்துவிடும். இதையும் புதிய மின்னஞ்சலாகவே தொடங்க வேண்டும். பெரியவர் அனுப்பிய பதிலுக்கு மறுமொழி அழுத்தி, அம்மையாரின் முகவரியைச் சேர்த்தால், 'சுண்ணாம்பு வேலையில் அவருக்கு எவ்வளவு அனுபவம் என்பதை நான் அறியேன்' என்று நீங்கள் எழுதிய வரி அடியில் அப்படியே இருக்கும். அதை அவர் படிப்பார். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: அறிமுகம் – கட்டடக்கலைஞர் திருமதி …… / பொறியாளர் திரு …… – காரைக்குடி வீட்டுச் சுவர்

மதிப்பிற்குரிய ஐயா, அன்புள்ள அம்மையீர், இருவருக்கும் வணக்கம்.

ஐயா, நான் தங்களுக்கு எழுதிய கட்டடக்கலைஞர் இவர்தாம். தை மாதத்தில் சிமெண்டுப் பூச்சை நீக்கும் வேலையைத் தொடங்குகிறார்.

அம்மையீர், ஐயா அவர்கள் பழைய கட்டடங்களின் சுண்ணாம்பு வேலையில் நீண்டகால அனுபவமுள்ளவர்; தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, பேசச் சம்மதித்திருக்கிறார்கள். புகைப்படங்களை முதலில் பார்க்க விரும்புகிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பேசுவது அவர்களுக்கு வசதி.

அம்மையீர், நாளைக்குள் தாங்கள் புகைப்படங்களோடு இரண்டு தேதிகளைக் குறித்து ஐயாவுக்கு எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு வருபவற்றில் என்னைச் சேர்க்க வேண்டியதில்லை."

வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரை முதலில் விளித்திருப்பது நம் மரபு. அடுத்த கடிதத்தை யார் எழுத வேண்டும் என்பதைப் பெயரிட்டுச் சொல்லியிருப்பது மரபைவிட முக்கியம். சொல்லாவிட்டால், மூத்தவர் எழுதட்டும் என்று இளையவரும், தேவையுள்ளவர் எழுதட்டும் என்று மூத்தவரும் காத்திருக்க, ஒரு மாதம் போய்விடும். எழுத வேண்டியவர் எப்போதும் கேட்டவரே. தொலைபேசி எண்ணை, பெரியவர் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய, இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம், அவரே கொடுக்கட்டும்.

அம்மையார் மறுமொழி எழுதும்போது, உங்கள் முகவரியை Bcc வரிக்கு மாற்றிவிட்டு, அப்படி மாற்றியிருப்பதையும் ஒரு வரியில் சொல்வது நல்ல வழக்கம். அந்த முதல் மறுமொழி உங்களுக்கும் வந்து சேர்வதால் காரியம் தொடங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரிகிறது. பெரியவர் அதற்குப் பதில் எழுதும்போது உங்கள் முகவரி அவர் கடிதத்தில் இராது, ஆகவே தேதி மாற்றம் முதலிய சில்லறை விஷயங்கள் உங்களை வந்து அடைவதில்லை. Bcc வரியில் இருக்கும் நீங்கள் அந்தக் கடிதத்துக்கு அனைவருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்திவிட்டால், விலகிக்கொண்டதாக நினைக்கப்பட்டவர் திடீரென்று நடுவில் தோன்றுவார். ஆகையால் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, பேச்சு நடந்ததா என்று அம்மையாரிடம் மட்டும் கேட்கலாம். நடந்திருந்தால், பெரியவர் சொன்னதில் எது வேலைக்குப் பயன்பட்டது என்பதை அவருக்கே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். 'உப்பைத் தண்ணீர்விட்டுக் கழுவவிருந்தோம். தாங்கள் சொன்னபடி ஈரமின்றித் தூரிகையால் மட்டும் துடைத்தெடுத்தோம்' என்ற ஒரு வாக்கியம், பொதுவான நன்றியுரையைவிட அவருக்கு உவப்பாக இருக்கும். பூச்சை நீக்கிய பிறகு எடுத்த படமும் உடன் சேரட்டும். பூச்சை நீக்குவதற்கு முன்னும் பின்னும் சுவரைக் கவனிக்கலாம் என்பதைச் சொல்லித்தானே அவரைக் கேட்டோம்.

ஒரு முறை கிடைத்த சம்மதம் அந்த ஒருவருக்கும் அந்த ஒரு விஷயத்துக்கும் உரியது. சில மாதங்களுக்குப் பின் இன்னொரு கட்டடக்கலைஞர் இதேபோன்ற சுவரோடு உங்களிடம் வந்தால், 'அவர்தாம் பேசுகிறவராயிற்றே' என்று முகவரியைக் கொடுத்துவிடாமல், அவரிடமும் ஒரு குறிப்பை எழுதி வாங்கி, பெரியவருக்கு மறுபடியும் முதற்கடிதத்திலிருந்தே தொடங்குங்கள். அதில், சென்ற முறை அவர் சம்மதித்ததைப் பற்றிய பிரஸ்தாபமே வேண்டாம்.